இரண்டு டிரான்சிஸ்டர் மைக் ப்ரீஆம்ப்: Q2-வின் பயாஸ் ரெசிஸ்டர் எங்கே?

கயல்விழி_12

வணக்கம். 12 வோல்ட்டில் ஓடும் ஒரு மைக் ப்ரீஆம்ப் போர்டும் அதன் சர்க்யூட் படமும் என்னிடம் இருக்கின்றன. மைக் டைனமிக் வகை, 600 ஓம். படத்தில் எது எதோடு சேர்கிறது என்பதை எழுத்தில் தருகிறேன். A என்பது R6-க்கு அடுத்து வரும் சப்ளை கோடு.

```
R6 470   +12V - A
R1 47k   A - Q1 base
R2 10k   Q1 base - GND
R3 3.3k  A - Q1 collector
R4 1k    Q1 emitter - GND
R5 2.2k  Q2 emitter - GND
C1 1u    mic - Q1 base
C2 47u   Q1 emitter - GND
C3 10u   Q2 emitter - volume 10k
C4 100u  A - GND
C5 101   Q1 base - Q1 collector
Q1, Q2 = BC547
Q2 base = Q1 collector,  Q2 collector = +12V
```

Q1-க்கு R1, R2 பயாஸ் தருகின்றன என்பது புரிகிறது. Q2-வின் பேஸில் ஒரு ரெசிஸ்டர்கூட இல்லையே, அது எப்படி வேலை செய்யும்? ஐந்து கெபாசிட்டர்களில் எவை கப்ளிங்? இதைக் கேட்கக் காரணம், சத்தம் மிகவும் குறைவாக வருகிறது. வால்யூமை முழுக்கத் திருகி, மைக்கை உதட்டருகே வைத்துப் பேசினால்தான் ஏதோ கேட்கிறது.

முள் மீட்டரில் அளந்தவை: A-யில் 11.3. Q1 பேஸ் 1.4, எமிட்டர் 1.3, கலெக்டர் 6.0. Q2 எமிட்டர் 6.4.

ராகுல்_எலக்ட்ரோ

Q2 பேஸில் ரெசிஸ்டர் இல்லாதது படத்தில் விட்டுப்போன பிழையாக இருக்கும். Q1-க்கு இருப்பது போலவே 47 கே, 10 கே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, Q1-இன் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.1 வோல்ட்தான் இருக்கிறது. சிலிக்கான் டிரான்சிஸ்டர் என்றால் 0.6, 0.65 இருக்க வேண்டும். Q1 போய்விட்டது, மாற்றிவிடுங்கள். கெபாசிட்டர்களைப் பொறுத்தவரை எலெக்ட்ரோலிட்டிக் எல்லாம் கப்ளிங், செராமிக் மட்டும் ஃபில்டர்.

சாலிடர்மணி

கயல்விழி, சாலிடரிங் அயர்னைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள் அம்மா. படத்தில் பிழை இல்லை. Q2 பேஸில் 47 கே, 10 கே சேர்த்தால் அவை Q1-இன் கலெக்டரிலேயே போய் உட்காரும். அங்கே இருக்க வேண்டிய 7 வோல்ட் ஐந்தரைக்கு இறங்கும், கெயினிலும் கால் பங்குக்கு மேல் போய்விடும்.

ஒரு ஆம்ப்ளிஃபையர் படத்தை ஒரே பார்வையில் படிக்க முயன்றால் குழப்பம்தான் வரும். ஒரே கம்பிகளில் டிசி ஒரு கதையாகவும் சிக்னல் வேறு கதையாகவும் ஓடுகிறது. அதனால் படத்தை இரண்டு நகல் எடுத்துக்கொண்டு இரண்டு முறை படியுங்கள்.

முதல் நகலில் எல்லா கெபாசிட்டரையும் அடித்துவிடுங்கள். டிசிக்கு அவை அறுந்த கம்பி. உங்கள் படத்தில் ஐந்தையும் அடித்தால் மைக்கும் வால்யூமும் தனியே கழன்றுவிடும். மிஞ்சி நிற்பது R1 முதல் R6 வரை ஆறு ரெசிஸ்டரும் இரண்டு டிரான்சிஸ்டரும். பயாஸ் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது, வெளியே தேட வேண்டியதில்லை.

இப்போது கணக்கு. A-யில் நீங்கள் அளந்த 11.3 சரியான எண். R1-ம் R2-வும் அதை 57-க்கு 10 என்று பங்கு போடுகின்றன, 1.98 வருகிறது. Q1 பேஸ் இழுக்கும் சிறு கரன்ட்டால் அது 1.94 அளவில் நிற்கும். அதில் 0.65 கழித்தால் எமிட்டர் 1.29. R4 1 கே என்பதால் 1.29 மில்லி ஆம்பியர். அதே கரன்ட் R3 வழியாகவும் வருவதால் அங்கே 4.26 வோல்ட் விழும். 11.3-இல் அதைக் கழித்தால் கலெக்டரில் 7.04.

அந்த 7.04-தான் Q2-வின் பேஸ். அதைவிட 0.65 கீழே Q2 எமிட்டர், அதாவது 6.4. ஆக Q2-வுக்கு பயாஸ் தருவது R3-உம், R3-இல் ஓடும் Q1-இன் கரன்ட்டும்தான். R3 ஒரே நேரத்தில் Q1-க்கு லோடு, Q2-வுக்கு பயாஸ். நேரடி கப்ளிங் உள்ள படங்களில் பயாஸ் ரெசிஸ்டரைப் பேஸுக்குப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது, முந்தைய ஸ்டேஜின் கலெக்டரில் தேட வேண்டும்.

இனி உங்கள் அளவுகள். A சரி, Q1 எமிட்டர் சரி, Q2 எமிட்டரும் சரி. பேஸும் கலெக்டரும் மட்டும் கணக்கோடு ஒத்துவரவில்லை. இன்னும் விசித்திரம், Q2-வின் பேஸ் 6.0 என்றும் எமிட்டர் 6.4 என்றும் சொல்கிறீர்கள். எமிட்டர் பேஸைவிட உயரத்தில் இருந்தால் Q2-வில் கரன்டே ஓடாது, பிறகு R5-இல் 6.4 எங்கிருந்து வரும்? இப்படி ஒன்றையொன்று மறுக்கும் அளவுகள் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மீட்டரை. அதன் முகப்பில் கீழ் மூலையில் எத்தனை கே பெர் வோல்ட் என்று எழுதியிருக்கிறது? எந்த ரேஞ்சில் அளந்தீர்கள்?

கயல்விழி_12

2 கே பெர் வோல்ட் டிசி என்று இருக்கிறது அண்ணா. A-யை 50 வோல்ட் ரேஞ்சிலும் மற்றவற்றை 10 வோல்ட் ரேஞ்சிலும் அளந்தேன்.

சாலிடர்மணி

அதுதான் காரணம். 10 வோல்ட் ரேஞ்சில் அந்த மீட்டர் ஒரு 20 கே ரெசிஸ்டர். பேஸில் முனையை வைத்த கணமே R2-வுக்கு இணையாக 20 கே சேர்கிறது. 10 கே இருந்த இடத்தில் 6.7 கே ஆகி, 1.94 வோல்ட் 1.4-க்குச் சரிகிறது. முனையை எடுத்தால் பழையபடி ஏறிவிடும். எமிட்டரில் 1 கேக்கு இணையாக 20 கே வந்தால் பெரிய பாதிப்பில்லை, அதனால் அங்கே உண்மையைச் சொன்னது. கலெக்டரில் R3-உம் R6-உம் சேர்ந்த 3.8 கே வழியாக மீட்டருக்கு கரன்ட் போக வேண்டியிருக்கிறது, ஒரு வோல்ட் தின்றுவிட்டது. Q2 எமிட்டர் குறைந்த இம்பீடன்ஸ் உள்ள இடம், மீட்டர் ஒட்டியதே அதற்குத் தெரியாது.

ராகுல் தம்பி சொன்ன 0.65 விதி சரியானதே. ஆனால் அந்த 0.1 ஒரே நேரத்தில் இருந்த இரண்டு வோல்டேஜின் வித்தியாசம் இல்லை. பேஸை அளக்கும்போது டிரான்சிஸ்டர் ஒரு நிலையில் இருந்தது, எமிட்டரை அளக்கும்போது வேறு நிலையில். 10 மெகா ஓம் உள்ள டிஜிட்டல் மீட்டர் கிடைத்தால் மறுபடி அளந்து பாருங்கள்.

பழையரேடியோ

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் இதேபோல் ஒரு மைக் போர்டு, 9 வோல்ட், ஒரே ஒரு BC547. கலெக்டரில் 4.7 கே, எமிட்டர் நேரே கிரவுண்டில். R2 என்று எதுவும் இல்லை. கலெக்டரிலிருந்து பேஸுக்கு 1 மெகா ஓம் ஒன்று போகிறது. அது சிக்னல் போகும் பாதையா, பயாஸா? கெபாசிட்டரை அடிக்கும் முறை இதற்கும் பொருந்துமா?

சாலிடர்மணி

பொருந்தும் ஐயா. கெபாசிட்டர்களை அடித்தபின் பேஸுக்கு வரும் ஒரே வழி அந்த 1 மெகா என்றால் பயாஸ் அதுதான். அதன் இன்னொரு முனை சப்ளையில் இல்லாமல் கலெக்டரில் இருப்பதுதான் அதன் பலம். கரன்ட் கூடினால் கலெக்டர் இறங்கும், பேஸுக்குப் போவது குறையும், தானே சமன் செய்துகொள்ளும். கெயின் 300 உள்ள டிரான்சிஸ்டரானால் கலெக்டர் 4.1 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். அதே வழியில் கொஞ்சம் சிக்னலும் திரும்பி வருகிறது, ஆகவே உங்கள் இரண்டு யூகமும் சரி.

யாராவது அந்த 1 மெகாவைக் கலெக்டருக்குப் பதில் 9 வோல்ட் கோட்டில் சாலிடர் செய்திருந்தால் டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்து கலெக்டர் 0.1 அருகே படுத்துவிடும். உங்கள் போர்டில் அப்படி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் முள் மீட்டரும் அதே வகை என்றால் கலெக்டரில் காட்டுவது ஒரு வோல்ட் வரை குறைவாக இருக்கலாம்.

கயல்விழி_12

டிஜிட்டல் மீட்டரில் அளந்தேன். பேஸ் 1.93, எமிட்டர் 1.29, கலெக்டர் 7.05, Q2 எமிட்டர் 6.41. கணக்கு அப்படியே வருகிறது! ஆனால் சத்தம் அதே குறைவுதான். டிசி எல்லாம் சரியாக இருந்தால் ஆம்ப்ளிஃபையரும் சரியாக இருக்க வேண்டாமா?

சாலிடர்மணி

இல்லை. டிசி சரி என்றால் ரெசிஸ்டர்களும் டிரான்சிஸ்டர்களும் நலம், C3-ஐத் தவிர எந்த கெபாசிட்டரும் ஷார்ட் ஆகவோ பெரிதாகக் கசியவோ இல்லை. கெபாசிட்டர் உலர்ந்து திறந்துவிட்டால் டிசியில் ஒரு அடையாளமும் இருக்காது, ஏனென்றால் டிசிக்கு அது முன்பே அறுந்த கம்பிதானே.

இனி இரண்டாவது நகலை எடுங்கள். இதில் பெரிய கெபாசிட்டர்களை எல்லாம் வெறும் கம்பியாக வரையுங்கள். சப்ளை கோட்டையும் கிரவுண்டாகவே எண்ணுங்கள், C4 அதைச் சிக்னலுக்கு கிரவுண்டோடு கட்டிப்போட்டிருக்கிறது. C5-ஐ மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள், அது மிகச் சிறியது.

மைக்கில் விரலை வைத்து நகருங்கள். C1 வழியாக Q1 பேஸ். அங்கிருந்து Q1 கலெக்டர், சிக்னல் அங்கே தலைகீழாகவும் பெரிதாகவும் வெளிவரும். கலெக்டரிலிருந்து நேரே Q2 பேஸ், அதன் எமிட்டர், C3, வால்யூம். சிக்னல் பாதை இவ்வளவுதான். விரல் கடந்துபோன கெபாசிட்டர்கள் C1-ம் C3-ம், கப்ளிங் அவை இரண்டு மட்டுமே. எலெக்ட்ரோலிட்டிக்கா செராமிக்கா என்பது இதைத் தீர்மானிப்பதில்லை, எங்கே நிற்கிறது என்பதுதான் தீர்மானிக்கும்.

C2-வும் C4-ம் பாதையில் இல்லை, பாதையிலிருந்து கிரவுண்டுக்கு இறங்குகின்றன. C4 சப்ளையில் வரும் இரைச்சலை R6-ஓடு சேர்ந்து தடுக்கிறது. C2-வுக்குத்தான் உங்கள் சிக்கலோடு நேரடி உறவு. அது நல்ல நிலையில் இருந்தால் சிக்னலுக்கு R4 இல்லாதது போல. அப்போது Q1-இன் உள் எமிட்டர் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் மட்டும் எதிரே நிற்கும், 3300-ஐ 20-ஆல் வகுத்தால் கெயின் 165. C2 திறந்துவிட்டால் 3300-ஐ 1020-ஆல் வகுக்க வேண்டும், கெயின் வெறும் 3.2. ஐம்பதில் ஒரு பங்கு. டிசி துல்லியமாக இருக்க, சத்தம் தெளிவாகவும் மெலிந்தும் வந்தால் நான் முதலில் கை வைப்பது எமிட்டர் பைபாஸ்.

சோதிக்க C2-வைக் கழற்ற வேண்டாம். புதிய 47 மைக்ரோ, 16 வோல்ட் ஒன்றை எடுத்து, பவரை நிறுத்திவிட்டு, ப்ளஸ் முனை எமிட்டர் பக்கமாக C2-வின் மேலேயே ஒட்டுங்கள். பிறகு பவர் கொடுத்துப் பேசிப் பாருங்கள்.

ராகுல்_எலக்ட்ரோ

C1 திறந்திருந்தாலும் சத்தம் குறையுமே? C2-தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

சாலிடர்மணி

உறுதி இல்லை, அதனால்தான் மேலே ஒட்டிப் பார்க்கச் சொன்னேன். C1 முழுக்கத் திறந்தால் பேச்சே வராது, பேஸ் தடத்தைத் தொட்டால் மட்டும் உறுமல் கேட்கும். பாதி உலர்ந்திருந்தால் சத்தம் தகர டப்பாவுக்குள் பேசுவது போல ஆகும். அவர் சொல்வது அப்படி இல்லை. C2 பலனளிக்கவில்லை என்றால் அடுத்தது C1, அதன்பின் C3.

கயல்விழி_12

வந்துவிட்டது! மேலே ஒட்டியதும் வால்யூமைக் கால்வாசி திருகினாலே போதுமாகிவிட்டது. பழைய C2-வைக் கழற்றி மீட்டரில் பார்த்தேன், 1 மைக்ரோகூடக் காட்டவில்லை. புதியதை அதே இடத்தில் போட்டுவிட்டேன்.

ஒரு குறை மட்டும். ஆண் குரலில் அடித்தொனி கொஞ்சம் மெலிந்து கேட்கிறது. C1-ஐப் பெரிதாக்க வேண்டுமா?

ராகுல்_எலக்ட்ரோ

C1-ஐத்தான் மாற்ற வேண்டும். C2-வில் குறை இருக்க முடியாது. கணக்கு போட்டேன்:

```
f = 1 / (2π · R4 · C2)
  = 1 / (2π · 1000 · 47e-6) = 3.4 Hz
```

3.4 ஹெர்ட்ஸ் யாருக்கும் கேட்காது.

நிலானி

சமன்பாடு சரி, அதில் வைத்த ரெசிஸ்டர் சரியில்லை. C2-வின் மேல் முனையிலிருந்து பார்த்தால் கிரவுண்டுக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று R4, 1 கே. இன்னொன்று டிரான்சிஸ்டருக்குள்ளே, எமிட்டரிலிருந்து பேஸ் வழியாக மைக்குக்கு. அது உள் எமிட்டர் ரெசிஸ்டன்ஸ் 20 ஓமும், மைக்கின் 600 ஓம் டிரான்சிஸ்டரின் கெயினால் வகுபட்டு வரும் இரண்டு ஓமும்தான். இரண்டு வழியும் இணையாக இருப்பதால் சிறியதுதான் ஆளும், 22 ஓம் என்று வையுங்கள்.

```
f = 1 / (2π · 22 · 47e-6) ≈ 154 Hz
```

154-க்குக் கீழே கெயின் சரியத் தொடங்கும். ஆண் குரலின் அடித்தொனி பெரும்பாலும் 100-க்கும் 150-க்கும் இடையில்தான், கயல்விழி கேட்பது அந்தச் சரிவைத்தான். நீங்கள் கண்ட 3.4-க்கும் ஓர் இடம் உண்டு, சரிவு முடிந்து கெயின் 3.2-இல் போய் நிற்கும் இடம் அது.

C1-ஐயும் பார்த்துவிடலாம். Q1-இன் உள்ளீடு R1, R2, டிரான்சிஸ்டர் மூன்றும் இணையாகச் சுமார் 3.5 கே. மைக்கின் 600 ஓமைச் சேர்த்தால் 4.1 கே. 1 மைக்ரோவுக்கு 39 ஹெர்ட்ஸ், போதும். எமிட்டரில் 47 மைக்ரோ சிறிது, பேஸில் 1 மைக்ரோவே தாராளம். C2 220 மைக்ரோ ஆனால் சரிவு 33 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

சாலிடர்மணி

கணக்கில் நானும் ஒத்துப்போகிறேன். ஆனால் 47 மைக்ரோவைக் குறை என்று சொல்ல மாட்டேன். பேச்சுக்கு மட்டும் என்றால் கீழே வெட்டுவது நல்லது, மைக்கைக் கையில் பிடிக்கும் தடதடப்பும் மூச்சுக்காற்று மோதும் சத்தமும் அங்கேதான் இருக்கின்றன. வடிவமைத்தவர் வேண்டுமென்றே 47 வைத்திருக்கலாம்.

நிலானி

வேண்டுமென்றே வெட்ட நினைத்திருந்தால் C1-ஐச் சிறிதாக்கியிருப்பார். C2-வால் வெட்டும்போது அந்த 22 ஓம், டிரான்சிஸ்டரில் ஓடும் கரன்டைப் பொறுத்து மாறும், சப்ளை வோல்டேஜ் குறைந்தால் வெட்டும் இடமும் நகரும். கயல்விழிக்கு அடித்தொனி வேண்டும் என்றால் 220 போடட்டும், தடதடப்பு வந்தால் C1-ஐ 0.22-க்கு இறக்கிப் பார்க்கட்டும். அது 175 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டும்.

பழையரேடியோ

என் போர்டில் 1 மெகா கலெக்டரில்தான் இருக்கிறது, டிஜிட்டல் மீட்டரில் 4.3 வோல்ட். நன்றி. இன்னொரு சந்தேகம். என் மைக் எலெக்ட்ரெட். உள்ளீட்டு எலெக்ட்ரோலிட்டிக்கின் ப்ளஸ் முனை மைக் பக்கம் இருக்கிறது. கயல்விழி போர்டில் எப்படி?

கயல்விழி_12

என்னுடையதில் ப்ளஸ் பேஸ் பக்கம்.

நிலானி

இரண்டும் சரி. டிசி அதிகமாக உள்ள பக்கத்துக்கு ப்ளஸ். டைனமிக் மைக்கில் டிசி பூஜ்யம், கயல்விழியின் பேஸில் 1.94, ஆகவே ப்ளஸ் பேஸ் பக்கம். ஐயாவின் எமிட்டர் கிரவுண்டில் இருப்பதால் பேஸ் 0.65-தான், எலெக்ட்ரெட் மைக்குக்கு ரெசிஸ்டர் வழியாகச் சில வோல்ட் போகிறது, ஆகவே ப்ளஸ் மைக் பக்கம். முதல் நகலில் கெபாசிட்டரின் இரு முனைக்கும் வோல்டேஜ் எழுதிவிட்டால் இது தானே தெரியும். மைக்கை மாற்றும்போது இதை மறப்பவர்கள் அதிகம். தலைகீழாக இருந்தால் கெபாசிட்டர் கசிந்து பேஸ் வோல்டேஜையே நகர்த்திவிடும்.

கயல்விழி_12

C2-வுக்கு 220 போட்டேன், குரல் நிறைவாக இருக்கிறது. தடதடப்பு லேசாக உண்டு, பொறுத்துக்கொள்ளலாம். கடைசியாக C5. 101 என்றால் 101 பிக்கோவா? இது பேஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே இருக்கிறது, பாதையில் குறுக்கே படுத்திருப்பது போல. இதுவும் கப்ளிங்கா?

சாலிடர்மணி

101 என்றால் 10-க்குப் பின் ஒரு பூஜ்யம், 100 பிக்கோ. கப்ளிங் இல்லை. கலெக்டரில் உள்ள தலைகீழ் சிக்னலைப் பேஸுக்குத் திருப்பிவிடுகிறது, உயர் அதிர்வெண்ணில் மட்டும். மைக் வயர் ஆன்டெனாவாகி வானொலி நிலையம் கேட்காமல் இருக்க இப்படி வைப்பது வழக்கம்.

நிலானி

வானொலிக்காக மட்டும் என்றால் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு வைத்தாலே போதும், அதுதான் நேர்வழி. கலெக்டருக்கு வைத்தால் கெயின் 165-ஆல் பெருகி 16 நானோ போல நடந்துகொள்ளும். 600 ஓம் மைக்கோடு வெட்டு 19 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம், குரலைத் தொடாது. ஆனால் பழையரேடியோ ஐயாவுடையது போன்ற எலெக்ட்ரெட்டை 2.2 கே வழியாக ஊட்டி இந்தப் போர்டில் மாட்டினால் 7 கிலோ ஹெர்ட்ஸிலேயே சரியும், ‘ச’கரம் மங்கும். இந்தப் போர்டை முதலில் எந்த மைக்குக்காக வரைந்தார்கள் என்று தெரிந்தால்தான் C5 எதற்கு என்று சொல்ல முடியும்.

சாலிடர்மணி

C5-இன் ஒரு காலைத் தூக்கிவிட்டு, மைக் வயரை நீட்டி வைத்துக் கேட்டுப் பாருங்கள் கயல்விழி. வானொலியோ கீச்சொலியோ நுழைந்தால் என் பக்கம் பலமாகும். நுழையாவிட்டால் நிலானி சொல்வதை மறுக்க என்னிடம் வேறு ஆதாரம் இல்லை.

கயல்விழி_12

இந்த ஞாயிறு செய்து பார்த்து எழுதுகிறேன். போர்டின் பின்புறம் மைக் சாக்கெட் அருகே ஒரு ரெசிஸ்டருக்கான இரண்டு துளைகள் காலியாக இருக்கின்றன, ஒன்று A கோட்டுக்குப் போகிறது, இன்னொன்று மைக் முனைக்கு. இதை இப்போதுதான் கவனித்தேன்.

நிலானி

அந்தத் துளைகள் எலெக்ட்ரெட்டுக்கு வோல்டேஜ் ஊட்ட விட்ட இடமாக இருக்கலாம். அப்படியானால் அதே போர்டு இரண்டு மைக்குக்கும் விற்கப்பட்டது, C5 எதற்காக என்ற கேள்வி இன்னும் சிக்கலாகிறது. படம் போடுங்கள், பக்கத்தில் ஏதாவது எண் அச்சிட்டிருக்கிறதா பார்ப்போம்.